கண் வந்த பிறகு குரல்: காது கேளாதவரைக் கடையில் வரவேற்கும் முறை

திருகோணமலை பஸ் நிலையத்துக்குக் கிட்ட எங்களுக்கு ஒரு கொமினிகேஷன் கடை இருக்கிறது. போட்டோகொப்பி, ரீலோட், படிவம் நிரப்பிக் கொடுப்பது, இவைதான் வேலை. சில வருடங்களுக்கு முன் ஒரு நாள், ஒரு இளைஞர் கடை வாசலில் வீதியைப் பார்த்தபடி நின்றார். "வாங்கோ தம்பி, என்ன வேணும்?" என்று கேட்டேன். திரும்பவில்லை. மூன்றாவது தடவை நான் கூப்பிட்ட கூப்பில் எதிர்ப்பக்கத்து ஓட்டோக்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார், இவர் மட்டும் அசையவில்லை. மதிப்பில்லாத பிள்ளை என்று மனதுக்குள் நினைத்துவிட்டேன். பக்கத்தில் நின்ற ஒரு அம்மா அவருடைய கையைத் தொட்டு என்னைக் காட்டிய பிறகுதான், அவருக்குக் காது கேட்காது என்று விளங்கியது. அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

அதன்பிறகு அவரிடமிருந்தும், கடைக்கு வந்துபோகும் மற்றவர்களிடமிருந்தும், எங்கள் வீட்டில் காது மெஷின் போடும் பெரியம்மாவிடமிருந்தும் கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன். முதல் அரை நிமிடத்தைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். அந்த அரை நிமிடம் சரியாக அமைந்தால் மீதி வேலை தானாக நடக்கும். பிழைத்தால், வந்தவர் "சரி சரி" என்று தலையாட்டிவிட்டு, வேண்டியதைச் சொல்லாமலே போய்விடுவார். கடையை வைத்துத்தான் சொல்கிறேன் என்றாலும் வீட்டு வாசலிலும் கோவில் வீதியிலும் இதே முறைதான்.

முதலில் உங்கள் முகம் தெரிகிறதா என்று பாருங்கள்

ஆள் வருவதற்கு முன்பே செய்யவேண்டிய வேலை இது. காது குறைந்தவர்கள் பாதியைக் காதாலும் பாதியைக் கண்ணாலும் கேட்கிறார்கள். சைகை மொழிக்காரருக்கு எல்லாமே கண்தான். உங்கள் முகம் இருட்டாக இருந்தால் நீங்கள் எவ்வளவு வடிவாகக் கதைத்தும் பயனில்லை.

எங்கள் கடையில் டியூப் லைற் முன்பு பின்சுவரில், என் தலைக்குப் பின்னால் இருந்தது. வாடிக்கையாளர் நிற்கும் இடத்தில் நானே போய் நின்று, மகளை என் கதிரையில் உட்கார வைத்துப் பார்த்தேன். அவளுடைய தலையின் வெளிக்கோடு தெரிந்தது, வாய் தெரியவில்லை. நீங்களும் இப்படிச் செய்து பாருங்கள். எதிரில் இருப்பவர் கதைக்கும்போது பல் தெரிந்தால் வெளிச்சம் போதும். தெரியாவிட்டால் விளக்கை மேசைக்கு மேலே, உங்கள் முகத்தில் விழும்படி மாற்றுங்கள். வாசலில் நின்று வரவேற்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். நம்முடைய ஊரில் காலை வெயில் கடல் பக்கமிருந்து நேரே முகத்தில் அடிக்கும். அந்த வெயில் உங்கள் முகத்தில் பட்டால் நல்லது. உங்கள் முதுகில் பட்டால் எதிரில் நிற்பவர் கண் கூசி, உங்களை ஒரு கரிய நிழலாகத்தான் பார்ப்பார். இரண்டு அடி நகர்ந்து நின்றால் போதும்.

அடுத்தது இரைச்சல். காது மெஷின் கண்ணாடி மாதிரி இல்லை. கண்ணாடி போட்டால் பார்வை சரியாகிவிடும். மெஷினோ உங்கள் குரலோடு சேர்த்து மின்விசிறி, பஸ் ஹோர்ன், கொப்பி மெஷின் எல்லாவற்றையும் பெரிதாக்கும். அதனால் கொப்பி ஓடிக்கொண்டிருக்கும்போது நான் கதைப்பதில்லை. மேசை விசிறியை நிறுத்திவிட்டு, ஒரு மீற்றரிலிருந்து இரண்டு மீற்றருக்குள் நின்று கதைக்கிறேன். அதைவிடத் தள்ளி நின்றால் குரல் இரைச்சலில் கரைந்துவிடும். காதுக்குள் வாயை வைத்துக் கதைத்தால் உங்கள் உதடு அவருக்குத் தெரியாது.

கண்ணைப் பிடியுங்கள், பிறகு வாயைத் திறவுங்கள்

அவர் உங்களைப் பார்க்கும்வரை ஒரு சொல்லும் சொல்லவேண்டாம். பார்க்காதபோது சொன்ன வணக்கம் சொல்லாத வணக்கம்தான்.

அவர் பார்க்கக்கூடிய எல்லைக்குள் கையை மேலும் கீழுமாக மெதுவாக அசைப்பதுதான் முதல் வழி. தோள் உயரம் போதும். முகத்துக்கு முன்னால் விசிறுவதுபோல ஆட்டினால் யாருக்கும் எரிச்சல் வரும். அவர் உங்களுக்கு முதுகைக் காட்டி நின்றால், சுற்றிப் போய் அவருடைய பக்கப் பார்வைக்குள் நில்லுங்கள். அதற்கும் வழியில்லை என்றால் தோளிலோ மேற்கையிலோ விரல்களால் ஒரு தடவை, அல்லது இரண்டு தடவை மெல்லத் தட்டலாம். பின்னாலிருந்து சட்டென்று பிடிப்பதும், தலையில் தட்டுவதும், பேனை மூடியை எறிவதும் கூடாது. சத்தம் முன்கூட்டியே எச்சரிக்காத ஒருவருக்கு அந்தத் தொடுகை எவ்வளவு திடுக்கிடலாக இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

பெண்களைத் தொடுவது பற்றி நம்முடைய ஊரில் யோசிக்கத்தான் வேண்டும். தமிழ், முஸ்லிம், சிங்களம் என்று எல்லாரும் வந்துபோகும் கடை இது. ஒரு ஆண், தெரியாத பெண்ணின் தோளில் தட்டுவது சரிவராது. அவர் மேசையில் கை ஊன்றி நின்றால், மேசைப் பலகையை உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டுங்கள். அதிர்வு கையில் தெரியும், நிமிர்ந்து பார்ப்பார். மரத்தில் இது நன்றாக வேலை செய்யும், சீமெந்துத் திண்ணையில் செய்யாது. விளக்கை ஒரு தடவை அணைத்துப் போடுவதும் நல்ல வழி, ஆனால் கடை நிறைய ஆட்கள் நிற்கும்போது வேண்டாம். பக்கத்தில் நிற்கும் பெண்ணிடம் கண்ணால் கேட்டால் அவரே தொட்டுக் காட்டிவிடுவார். அன்று எனக்கு அந்த அம்மா செய்தது அதைத்தான்.

வணக்கத்தைக் கையால் சொல்லுங்கள்

இந்த இடத்தில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. நம்முடைய வணக்கமே கண்ணுக்குத் தெரியும் வணக்கம். கைகூப்பினால் போதும், காது தேவையில்லை. ஆனால் கூப்பிய கையை வாய்க்கு நேரே கொண்டுபோகாதீர்கள், உதடு மறைந்துவிடும். நெஞ்சு உயரத்தில் கூப்பி, அவருடைய கண்ணைப் பார்த்துச் சிரித்து, கையைக் கீழே இறக்கிய பிறகு கதையுங்கள். முஸ்லிம் பெரியவர் என்றால் வலது கையை நெஞ்சில் வைத்து மெல்லத் தலை தாழ்த்தி ஸலாம் சொல்கிறேன். "அஸ்ஸலாமு அலைக்கும்" என்று வாயும் அசையும், ஆனால் செய்தியைக் கொண்டுபோவது கைதான்.

தலையாட்டலில் நமக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ஓம் என்பதற்கும், பார்ப்போம் என்பதற்கும், விளங்குது என்பதற்கும் தலையை இடமும் வலமுமாகச் சாய்த்து ஆட்டுவோம். காதால் கேட்பவர் குரலை வைத்து அர்த்தத்தைப் பிரித்துக்கொள்வார். குரல் இல்லாமல் பார்த்தால் அது ஓமா இல்லையா என்றே தெரியாது. ஓம் என்றால் மேலும் கீழுமாக ஒரு தடவை தெளிவாக ஆட்டுங்கள். இல்லை என்றால் பக்கவாட்டில் திருப்புங்கள், கையையும் விரித்துக் காட்டுங்கள். இதைப் பழக எனக்கு ஒரு மாதம் பிடித்தது.

எப்படிக் கதைப்பது என்று அவரிடமே கேளுங்கள்

காது கேளாதவர் என்று தெரிந்த உடனே பலர் பேனையை நீட்டுவார்கள், அல்லது பெலத்துக் கத்துவார்கள். இரண்டுமே பொருந்தாமல் போகலாம். மூன்று நான்கு நொடி பொறுத்திருந்தால் அவரே காட்டிவிடுவார். காதைத் தொட்டுக் கையை அசைத்தால் கேட்காது என்று அர்த்தம். உங்கள் உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றால் உதட்டைப் படிக்கிறார். ஒரு பக்கத் தலையைத் திருப்பித் தந்தால் அந்தப் பக்கக் காதில்தான் கொஞ்சம் கேட்கிறது, நீங்கள் அந்தப் பக்கமாக நகரவேண்டும். போனை எடுத்தால் எழுதிக் கதைக்க விரும்புகிறார்.

ஒன்றும் தெரியவில்லை என்றால் நான் என் வாயைக் காட்டி, பேனையைக் காட்டி, போனைக் காட்டி, எது என்று கையை விரிப்பேன். அவர் ஒன்றைத் தொடுவார். அந்தத் தெரிவை அவருக்கு விடுவதுதான் முக்கியம். எங்கள் பெரியம்மாவுக்கு யாரும் கொப்பியும் பேனையும் கொடுத்தால் கோபம் வரும். "எனக்குக் கேக்கும், நீங்கள் முகத்தைப் பார்த்துக் கதைச்சால் போதும்" என்பார்.

காது குறைந்த பெரியவர் என்றால்

பெரியம்மா சொல்லும் இன்னொரு வசனம்: "சத்தம் கேக்குது, சொல்லுத்தான் விளங்குதில்லை." வயதால் காது குறைந்தவர்களில் பலர் இதைத்தான் சொல்வார்கள். இதற்கு ஒரு காரணம் இருக்கிறது. வயதோடு முதலில் குறைவது கீச்சென்ற உயர்ந்த ஒலிகளைக் கேட்கும் திறன். உயிரெழுத்தின் ஒலி தாழ்ந்தது, பெலமானது, அது கேட்டுக்கொண்டே இருக்கும். க, ச, ட, த, ப என்ற வல்லினங்களைப் பிரித்துக் காட்டும் மெல்லிய உயர்ந்த ஒலிகள்தான் தொலைந்துபோகும். ஆகவே "பல்" என்று சொன்னாலும் "கல்" என்று சொன்னாலும் காதுக்கு ஒன்றுபோலவே வந்துசேரும்.

நாம் கத்தும்போது என்ன நடக்கிறது? கூடுவது உயிரெழுத்துத்தான். தொலைந்த மெய் தொலைந்ததாகவே இருக்கும். போதாக்குறைக்குக் கத்தும் முகம் கோபமான முகம், உதடும் கோணிவிடும். மெஷின் போட்டவருக்குத் திடீர்ச் சத்தம் நோகவும் செய்யும். அதனால் வழக்கமான குரலைவிடக் கொஞ்சம் கூட்டி, கொஞ்சம் மெதுவாக, சொற்றொடர்களுக்கு இடையில் நிறுத்தி நிறுத்திக் கதையுங்கள். ஒவ்வொரு எழுத்தாகப் பிய்த்துச் சொன்னால் உதட்டு அசைவு மாறி இன்னும் விளங்காமல் போகும்.

உதடு இங்கே எப்படி உதவுகிறது என்று பாருங்கள். "பல்" என்றால் உதடு மூடித் திறக்கும், "கல்" என்றால் மூடாது. காது விட்டதைக் கண் பிடித்துக்கொள்கிறது. மறுபக்கம், "பணம்", "மணம்" இரண்டுக்கும் உதடு ஒரே மாதிரித்தான் மூடும். "பாலை"யும் "மாலை"யும் அப்படியே. அங்கே ம என்ற மெல்லினத்தின் மூக்கொலியைக் காது பிடிக்கும். கொஞ்சமாவது கேட்பவருக்கு இரண்டும் சேர்ந்து வேலை செய்கிறது. அறவே கேட்காதவருக்கு "பணமா, மணமா" என்பது ஊகம்தான். உதடு பார்க்கத் தெரிந்தவருக்கு எல்லாம் தெரியும் என்று நினைப்பது பிழை. நாக்குக்குப் பின்னாலும் தொண்டையிலும் பிறக்கும் ஒலிகள் வெளியே தெரிவதே இல்லை. வெற்றிலை போட்ட வாயும், மேலுதட்டை மூடும் மீசையும், முகக்கவசமும் மிச்சத்தையும் மறைத்துவிடும்.

ஆகவே எதைப் பற்றிக் கதைக்கிறீர்கள் என்பதை முதலில் சொல்லுங்கள், அல்லது காட்டுங்கள். பெரியவரின் அடையாள அட்டையைக் கையில் தூக்கிக் காட்டி, "இதில் எத்தனை கொப்பி?" என்றால் அவர் ஊகிக்கவேண்டிய சொற்கள் குறைந்துவிடும். ஒரு வசனம் விளங்கவில்லை என்றால் ஒரு தடவை அப்படியே திருப்பிச் சொல்லுங்கள். இரண்டாவது தடவை சொல்லை மாற்றுங்கள். "எப்ப வேணும்?" விளங்காதவருக்கு "இன்றைக்கா, நாளைக்கா?" என்பது விளங்கலாம். இலக்கத்தை எழுதிக் காட்டுங்கள். இருபது தொடங்கி எண்பது வரை எல்லாமே "பது" என்றுதான் முடிகிறது. அறுபதா எழுபதா என்று வாயால் சண்டை பிடிப்பதைவிடக் கல்குலேட்டரில் அடித்துக் காட்டுவது நல்லது.

சொந்தக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். மெஷின் போட்டவரைக் கட்டிப்பிடித்தாலோ, கன்னத்தைத் தடவினாலோ, காதுக்குக் கிட்டக் கை போகும்போது மெஷின் "கீ" என்று கத்தும். அவருக்கு அது காதுக்குள் அடிக்கும். கையைப் பிடித்துக் கும்பிடுங்கள். "என்னை விளங்கவில்லையா? ஒன்றுமில்லை, விடுங்கோ" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அந்த "விடுங்கோ"வைப் பெரியம்மா தன் பேரனின் உதட்டிலிருந்து படித்த நாளை இன்னும் மறக்கவில்லை.

சைகை மொழியில் கதைப்பவர் என்றால்

அந்த முதல் நாள் வந்த தம்பியை வைத்தே சொல்கிறேன், அவர் இப்போது எங்கள் வழக்கமான வாடிக்கையாளர். மீன்பிடி வேலை, ஏதாவது படிவம் என்றால் நேரே இங்கே வருவார்.

போன மாதம் வந்தார். நான் எழுதிக்கொண்டிருந்தேன், அவர் மேசையைத் தட்டினார். நிமிர்ந்து கைகூப்பினேன், அவரும் கைகூப்பிவிட்டுத் தன் முறையில் கையசைத்தார். நானும் அதையே திருப்பிச் செய்தேன். அவர் தன்னுடைய வாழ்த்துச் சைகையை எனக்குச் சொல்லித் தந்திருக்கிறார். சைகையை இன்ரர்நெற்றில் பார்த்துப் படிப்பதைவிட ஆளிடமே கேட்பது நல்லது. சைகை மொழி உலகம் முழுக்க ஒன்றல்ல. நம்முடைய நாட்டுக்குள்ளேயே யாழ்ப்பாணத்துக் கைதடியில் காது கேளாத பிள்ளைகள் படிக்கும் நவீல்ட் பாடசாலையில் படித்தவருடைய சைகையும் கொழும்புக்குக் கிட்ட ரத்மலானையில் காது கேளாதோர் பாடசாலையில் படித்தவருடைய சைகையும் எல்லாச் சொல்லுக்கும் ஒன்றாக இருப்பதில்லை. பாடசாலைக்கே போகாமல் வீட்டுச் சைகையோடு வளர்ந்தவர்களும் உண்டு. அவரவர் வணக்கத்தைத் தெரிந்துகொண்டால் போதும்.

அவர் அடையாள அட்டையை எடுத்து ஐந்து விரலைக் காட்டினார். ஐந்து கொப்பி. நான் அட்டையைத் தூக்கி முன்பக்கம், பின்பக்கம் என்று திருப்பிக் காட்டி, புருவத்தை உயர்த்தினேன். ஓமா இல்லையா என்று கேட்கும் கேள்விக்குப் புருவத்தை உயர்த்துவது பல சைகை மொழிகளில் இலக்கணம் மாதிரி. முகம் அசையாமல் கையை மட்டும் ஆட்டினால் நாம் கேட்கிறோமா சொல்கிறோமா என்றே அவருக்குத் தெரியாது. அவர் தலையை மேலும் கீழும் ஆட்டினார். முன்பெல்லாம் நான் அந்த ஆட்டலோடு வேலையைத் தொடங்கிவிடுவேன். ஒருமுறை அப்படித்தான் இரண்டு பக்கத்தையும் வேறு வேறு தாளில் எடுத்து, பத்துத் தாளைக் கொடுத்தேன். அவருக்கு வேண்டியிருந்தது ஒரே தாளில் இரண்டு பக்கமும். விளங்காமலே தலையாட்டுவது நம் எல்லாருக்கும் உள்ள பழக்கம்தானே, காது கேட்காதவர் நாள் முழுக்க அதைச் செய்யவேண்டி வருகிறது. ஆகவே இம்முறை ஒரு கொப்பி மட்டும் எடுத்து முன்னால் வைத்தேன். பார்த்தார், பெருவிரலை உயர்த்தினார். மீதி நான்கையும் எடுத்தேன்.

அவர் கொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில் நான் ஒன்றும் சொல்லவில்லை. கண் தாளில் இருக்கும்போது அவருக்கு நான் கதைப்பது தெரியாது. காட்டிக்கொண்டே கதைப்பதுதான் நம்மில் பலர் விடும் பிழை. காட்டுங்கள், கண் உங்களிடம் திரும்பிவரும்வரை பொறுங்கள், பிறகு கதையுங்கள். அதேபோல அவர் சைகை செய்துகொண்டிருக்கும்போது நீங்கள் போனைக் குனிந்து பார்த்தால், கதைக்கும் ஒருவரின் முன் காதைப் பொத்திக்கொண்ட மாதிரி. கடை நிறைய ஆள் நின்று, பார்வையை எடுக்கவேண்டி வந்தால், ஒரு விரலைக் காட்டி "கொஞ்சம் பொறுங்கோ" என்று சொல்லிவிட்டு எடுங்கள்.

எழுதுவதாக இருந்தால் சிறிய வசனங்களாக எழுதுங்கள். சைகை மொழி தமிழைக் கையால் சொல்வது இல்லை, அதற்கென்று சொல்லொழுங்கு இருக்கிறது. பலருக்கு எழுத்துத் தமிழ் இரண்டாவது மொழி. "தங்களின் விண்ணப்பம் பரிசீலனைக்கு உட்படுத்தப்படும்" என்று எழுதினால் படித்தவருக்கே தலை சுற்றும். "படிவம் கொடுங்கள். திங்கள் வாருங்கள். 10 மணி." அவ்வளவுதான். அவர் எழுதித் தருவதில் வேற்றுமை உருபு மாறியிருந்தால் அதைத் திருத்தவும் வேண்டாம், அதை வைத்து அவருடைய அறிவை அளக்கவும் வேண்டாம்.

கூட ஒருவர் வந்தால்

தங்கையோ நண்பரோ மொழிபெயர்க்க வந்தால் நம் கண் தானாக அவரிடம் போய்விடும். "அவருக்கு என்ன வேணுமாம்?" என்று கேட்டுவிடுவோம். வந்தவர் முன்னால் நிற்கும்போதே அவரை இல்லாத ஆளாக்கும் கேள்வி அது. தம்பியைப் பார்த்து "உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேளுங்கள். தங்கை சைகையில் சொல்வார், பதில் தங்கையின் குரலில் வரும், உங்கள் கண் தம்பியிடமே இருக்கட்டும். இரண்டு பேர் சைகையில் கதைத்துக்கொண்டிருக்கும்போது நடுவில் போகவேண்டி வந்தால், நின்று அனுமதி கேட்காமல் சற்றுக் குனிந்து விரைவாகக் கடந்து போங்கள். நின்று கேட்பதுதான் அவர்களுடைய கதையைக் குழப்பும்.

"செவிடு", "ஊமை" என்ற சொற்களைக் கடைப்பக்கமே விடவேண்டாம். காது கேளாதவர் என்று சொல்லலாம். பெயர் தெரிந்தால் பெயர்.

அனுப்பி வைக்கும்போது

விடைபெறுவதையும் கண்ணால்தான் செய்யவேண்டும். மிச்சக் காசை எண்ணிக்கொண்டே "போயிட்டு வாங்கோ" என்று சொன்னால் அது போய்ச் சேராது. காசைக் கொடுத்து, அவர் எண்ணி முடித்து நிமிரும்வரை இருந்து, பிறகு கையசையுங்கள். படிவம் தயாரானதும் அறிவிக்கவேண்டும் என்றால் போன் நம்பரை அவரையே எழுதச் சொல்லி, அழைக்காமல் வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்புங்கள். குரல் பதிவு அனுப்பும் பழக்கம் உள்ளவர்கள் இங்கே கவனமாக இருங்கள், நானே ஒருமுறை அனுப்பிவிட்டு ஓடி ஓடி அழித்தேன். தம்பியின் நம்பருக்கு நேராக இப்போது "எழுத்து மட்டும்" என்று குறித்து வைத்திருக்கிறேன். நான் இல்லாத நேரம் கடையில் இருக்கும் மகளுக்கும் அது தெரியும்.